டபிள்யூவை விட்டு மூணு பேர் ரிசீவுக்கு மாறினோம், ரெண்டு ரொட்டேஷன்ல மட்டும் மாட்டிக்கிறோம்

பின்கோடு எழுதியது:

எங்க வாலிபால் அணி ரொம்ப நாளா டபிள்யூலதான் சர்வீஸ் எடுத்துட்டிருந்தது. முன்னால மூணு பேர், அவங்க இடைவெளியில பின்னால ரெண்டு பேர், செட்டர் நெட்டோரம். எதிரணி சாதாரணமா சர்வீஸ் போட்டவரைக்கும் ஒரு குறையும் தெரியல. ஃப்ளோட் நல்லா போடுற அணிகளோட ஆட ஆரம்பிச்சதும் விஷயம் வெளியே வந்துடுச்சு. முன்வரிசை நடு ஆள் நெஞ்சுக்கு நேரா வர்ற பந்தைத் தொடுவாரா விடுவாரான்னு அவருக்கே தெரியாது. கடைசி நேரத்துல குனிஞ்சு விடுவார். பின்னால இருக்கறவருக்கு அதுவரைக்கும் பந்து அவர் முதுகுக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். அஞ்சு பேர் நிக்கிறோம், பந்து நடுவுல பொத்துனு விழுது, அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிறோம்.

இந்த சீசன்ல ஒரு நல்ல லிபரோ கிடைச்சார். அதனால ரெண்டு அட்டாக்கரும் லிபரோவும் மட்டும் எடுக்கற மாதிரி மாத்திட்டோம். சர்வீஸ் வரிசைப்படி அணி இது: செட்டர், குட்டை, முதல் பிளாக்கர், யுனிவர்சல், நெட்டை, ரெண்டாவது பிளாக்கர். குட்டையும் நெட்டையும்தான் அட்டாக்கர்கள் (பட்டப்பேர்தான், ரெண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லை). குட்டை அருமையா எடுப்பார். நெட்டை அடிச்சா ரெண்டு பிளாக் மேலேயும் போகும், ஆனா ரிசீவ் சுமார். பின்வரிசைக்கு வர்ற பிளாக்கருக்குப் பதிலா லிபரோ.

நாலு ரொட்டேஷன் ஓரளவு ஓடுது. மாட்டிக்கிறது இந்த ரெண்டுல:

செட்டர் 6-ல இருக்கும்போது போன மேட்ச்ல ரெண்டு தடவை பொசிஷன் ஃபால்ட் ஊதிட்டாங்க. யார் தப்புன்னு இன்னும் எங்களுக்குள்ளேயே சண்டை.

செட்டர் 5-ல இருக்கும்போது பாஸ் நல்லா வந்தாலும் செட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள பந்து இறங்கிடுது. ஒரே செட்ல அந்த ரொட்டேஷன்ல மட்டும் தொடர்ச்சியா ஆறு புள்ளி போச்சு.

திரும்ப டபிள்யூவுக்கே போயிடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

கார்னர்சர்வ் எழுதியது:

ஃபால்ட் எதுக்கு ஊதினாங்கன்னு எனக்குத் தெரியும், எங்களுக்கும் ஊதியிருக்காங்க. முன்வரிசை ஆள் எந்தப் பின்வரிசை ஆளுக்கும் பின்னால நிக்கக் கூடாது. நெட்டை 4-ல இருக்கார், அதாவது முன்வரிசை. அவரை ரிசீவ் பண்ணப் பின்னால இறக்கினதுதான் தப்பு. எதிரணி ஆள் பந்தை மேலே தூக்கிப் போடுற வரைக்கும் அவர் முன்னாலேயே நிக்கணும், தூக்கினதும் ஓடி வரலாம். நாங்க அப்படித்தான் பண்றோம்.

மைதானத்தக்கா எழுதியது:

டபிள்யூவை இவ்வளவு திட்டாதீங்கப்பா. நான் 13, 14 வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். அவங்களுக்கு டபிள்யூதான். ஒரு பிள்ளை மூணு மீட்டர் அகலத்தைக் கவனிக்க முடியாது, காலே அவ்வளவு வேகமா போகாது. வர்ற சர்வீஸும் பாதி நெட்டைத் தாண்டினதும் விழற ரகம், அதுக்கு முன்னால மூணு பேர் இருக்கறது நல்லதுதான். நாங்க வச்சிருக்கற ஒரே சட்டம், முன்னால நிக்கற பிள்ளை இடுப்புக்கு மேல வர்ற பந்துக்குக் கையே நீட்டக் கூடாது, உடனே பக்கவாட்டுல ஒதுங்கி வழி விடணும். குனியக் கூடாது, ஒதுங்கணும். குனிஞ்சா பின்னால இருக்கற பிள்ளைக்கு முதுகுதான் தெரியும்.

ஆனா உங்க ஆளுங்க பெரியவங்க. ஃப்ளோட் வேற. அதுக்கு இது பத்தாதுன்னுதான் நினைக்கறேன்.

நெட்டுக்குமேல எழுதியது:

நாங்களும் இதே பிரச்சினையில இருந்தோம். 6-ல இருக்கறவரைப் பின்கோட்டுக்கு இழுத்து விட்டுட்டு, 1, 5-ல இருக்கறவங்களைப் பக்கக் கோட்டோரம் நிறுத்துங்க. பிளாக்ல பட்டு வர்ற பந்துக்கு யுனிவர்சல் உள்ளே வரட்டும். எங்களுக்கு இதுல நிறைய புள்ளி மிச்சமாச்சு.

பின்கோடு எழுதியது:

@நெட்டுக்குமேல அண்ணே, நீங்க சொல்றது எதிரணி அடிக்கும்போது நிக்கற டிஃபென்ஸ். நான் கேக்கறது சர்வீஸ் எடுக்கும்போது நிக்கறது. அந்த நேரத்துல பிளாக்கே கிடையாதே.

நெட்டுக்குமேல எழுதியது:

சரி சரி, தலைப்பை அவசரத்துல படிச்சிட்டேன். இருந்தாலும் அதையும் முயற்சி பண்ணிப் பாருங்க 😄

ரெண்டாம்விசில் எழுதியது:

கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. பல வருஷம் இரண்டாம் நடுவரா நின்னிருக்கேன், இப்போ ஒரு கிளப்புக்குக் கோச். சர்வீஸ் எடுக்கற அணியோட நிலையைப் பார்க்கறது இரண்டாம் நடுவர் வேலை, அதனால இந்தச் சண்டையை நிறைய பார்த்தாச்சு.

முதல்ல கார்னர்சர்வ் சொன்னது. பாதி சரி. முன்னால பின்னாலங்கற ஒப்பீடு உண்டு, ஆனா எல்லாரோடும் எல்லாரையும் ஒப்பிடறது கிடையாது. 4-ல இருக்கறவருக்கு 5, 3-ல இருக்கறவருக்கு 6, 2-ல இருக்கறவருக்கு 1. இந்த ஜோடிகள் மட்டும்தான். 4-ல இருக்கறவர் 1-ல இருக்கறவரை விட ரெண்டு மீட்டர் பின்னால நின்னாலும் ஒருத்தரும் ஊத மாட்டாங்க. பக்கவாட்டுலயும் அதே கதைதான்: ஒரே வரிசையில பக்கத்துப் பக்கத்து ஆளோட மட்டும் ஒப்பிடணும். 4, 3, 2 இடமிருந்து வலமா; 5, 6, 1 இடமிருந்து வலமா. 4-க்கும் 6-க்கும் நடுவுல எந்த உறவும் இல்லை. 3-க்கும் 5-க்கும் இல்லை. இந்த 'இல்லை'கள்லதான் மூணு பேர் ரிசீவோட உயிரே இருக்கு.

ரெண்டாவது, நேரம். பந்தைத் தூக்கிப் போடும்போது நகரலாம்னு நம்பி ஆடினா என்னிக்காவது மாட்டுவீங்க. பார்க்கறது சர்வீஸ் போடுறவர் கை பந்துல படற நொடி. அந்த நொடியில கால் எங்கே இருக்குங்கறதுதான் கணக்கு. குதிச்சிருந்தா கடைசியா தரையில எங்கே பட்டுதோ அந்த இடம். பெரும்பாலான கிளப் மேட்ச்ல அரை அடி விலகல் கண்ணுக்குத் தப்பிடும், அதனால கார்னர்சர்வ் அணி தப்பிச்சிட்டிருக்கலாம்.

இப்போ பின்கோடு அணிக்கு வர்றேன். செட்டர் 6-ல இருக்கும்போது குட்டை 1, முதல் பிளாக்கர் 2, யுனிவர்சல் 3, நெட்டை 4, லிபரோ 5. சரிதானே? எடுக்கறது இடது பக்கம் நெட்டை, நடுவுல லிபரோ, வலது பக்கம் குட்டை. இதுல ஆபத்தான ஜோடி ஒண்ணே ஒண்ணுதான், நெட்டையும் லிபரோவும். 4-ம் 5-ம். நெட்டையோட ஒரு கால்ல ஒரு பகுதியாவது லிபரோ காலுக்குச் சமமாவோ அதை விட நெட்டுக்குக் கிட்டவோ இருக்கணும்.

என் ஊகம்: எதிரணியில ஓடி வந்து குதிச்சுப் போடுறவர் ஒருத்தர் வந்திருப்பார். ரெண்டு பேரும் பின்னால போங்கன்னு யாராவது கத்தியிருப்பீங்க. ரிசீவ்ல பயம் இருக்கறவர் எப்பவும் அதிகமா பின்னால போவார். நெட்டை ரெண்டு அடி வச்சிருப்பார், லிபரோ ஒரு அடி வச்சிருப்பார். அவ்வளவுதான். விசில்.

பின்கோடு எழுதியது:

சார், நீங்க எங்க மேட்ச்சைப் பார்த்தீங்களா? ரெண்டு தடவையும் அதே ஆள்தான் சர்வீஸ், குதிச்சுப் போடுறவர். 'பின்னால பின்னால'ன்னு கத்தினது நான்தான் 🤦

நாங்க இதுவரைக்கும் செட்டர் மேலதான் பழி போட்டுட்டிருந்தோம். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.

லிபரோநான்தான் எழுதியது:

லிபரோவா ஆடுறவ என்ற முறையில ஒண்ணு சொல்றேன். இந்த ரொட்டேஷன்ல நான் பந்தைப் பார்க்கறதுக்கு முன்னால 4-ல இருக்கற அட்டாக்கரோட குதிகாலைப் பார்ப்பேன். அவர் எங்கே நிக்கிறாரோ அதுக்கு அரை அடி பின்னால என் இடம். அவர் நகர்ந்தா நானும் நகர்வேன். ஆழத்தை முடிவு பண்றது அவர், அனுசரிக்கறது நான். மாத்திப் பண்ணினா, அதாவது அட்டாக்கர் திரும்பி லிபரோவைப் பார்த்து நின்னா, அவர் சர்வீஸ் போடுறவரைப் பார்க்காம விட்டுடுவார்.

இன்னொண்ணு, நெட்டைக்கு ஏன் மூணு மீட்டர் கொடுக்கறீங்க? மூணு பேர்னா ஒன்பது மீட்டரை மூணா வெட்டணும்னு எங்கேயும் எழுதலையே. எங்க அணியில சுமாரா எடுக்கறவருக்குக் கோட்டோரம் ரெண்டு மீட்டர்தான். அதுக்கு மேல வலது பக்கம் வந்தா எனக்கு. நான் நாலு மீட்டர் வரைக்கும் எடுத்துக்குவேன். அவருக்கும் நிம்மதி, ஏன்னா கோட்டுக்கு வெளியே போகுதா உள்ளே வருதான்னு பார்க்கறது மட்டும்தான் வேலை.

பழையகை எழுதியது:

இவ்வளவு சுத்தி வளைப்பானேன். எடுக்கத் தெரியாதவரை எடுக்கவே விடாதீங்க. ரெண்டு பேர் போதும். 1984 ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க ஆண்கள் அணி ரெண்டே பேரை வச்சு சர்வீஸ் எடுத்துத் தங்கம் ஜெயிச்சுது. லிபரோங்கற ஆளே அப்போ கிடையாது.

ரெண்டாம்விசில் எழுதியது:

@பழையகை உண்மைதான், கோச் டக் பீல் கொண்டு வந்த முறை அது. லிபரோ வந்தது 1998-லதான், அதுவும் சரி. ஆனா அந்த ரெண்டு பேர் யாரு? கார்ச் கிராலியும் ஆல்டிஸ் பெர்சின்ஸும். ஒருத்தர் நாலரை மீட்டர் அகலத்தைப் பார்க்கணும். கிளப் அளவுல ஒரு ஃப்ளோட் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்துல வந்தாலும் கையிலிருந்து கிளம்பி ரிசீவ் பண்றவர்கிட்ட வர ஏறக்குறைய ஒரு வினாடி. அதுல முதல் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம்னு தெரியவே போயிடும். மிச்ச நேரத்துல ரெண்டு மீட்டர் போய், கால் நின்னு, கையைக் காட்டணும். நம்ம குட்டையால முடியலாம். வாரத்துல ரெண்டு நாள் பயிற்சிக்கு வர்ற எல்லாராலயும் முடியாது.

லிபரோநான்தான் சொன்ன ரெண்டு மீட்டர், நாலு மீட்டர் பங்கீட்டுக்கு என் ஓட்டு. ஆனா ஒரு எச்சரிக்கை. நெட்டை ரெண்டு மீட்டர்தான் பார்க்கறார்னு எதிரணிக்குத் தெரிஞ்சா லிபரோவுக்கும் அவருக்கும் நடுவுல குட்டையா போட ஆரம்பிப்பாங்க. நெட்டுலேர்ந்து நாலு மீட்டர்ல விழற பந்து. அது யாருக்குன்னு முன்னாலேயே பேசி வைக்கணும்.

இனி செட்டர் 5-ல இருக்கற ரொட்டேஷன். பின்கோடு, செட்டர் இப்போ எங்கே நிக்கிறார், எவ்வளவு தூரம் ஓடுறார்னு சொல்லுங்க.

பின்கோடு எழுதியது:

இடது பக்கக் கோட்டோரம், நெட்டுக்கிட்ட. ரெண்டாவது பிளாக்கர் (4) நெட்டோரம் நிப்பார், அவர் முதுகுக்குப் பின்னால ஒட்டினாப்பல செட்டர். கோட்டுலேர்ந்து ஒரு அடி. அவங்களுக்கு வலது பக்கம் நெட்டை (3) எடுக்க நிப்பார், நடுவுல குட்டை (6), வலது பக்கம் லிபரோ (1). யுனிவர்சல் (2) வலது பக்கம் நெட்டோரம்.

சர்வீஸ் போட்டதும் செட்டர் நெட்டோரமாவே வலது பக்கம் ஓடணும். எங்க பாஸ் இலக்கு வலது கோட்டுலேர்ந்து மூணு மீட்டர் உள்ளே. அப்போ அவர் ஓடற தூரம் அஞ்சு, அஞ்சரை மீட்டர் வரும். முகத்தைத் திருப்பிப் பந்தைப் பார்த்துக்கிட்டே ஓடணும், அங்கேதான் தாமதம். வந்து சேர்றபோது உடம்பு இன்னும் வலது பக்கம் போயிட்டிருக்கும், அதனால பின்னால யுனிவர்சலுக்குத்தான் பந்து போகும். எதிரணி பிளாக் அங்கேயே போய் நின்னுடறாங்க.

கார்னர்சர்வ் எழுதியது:

வேற வழியே இல்லையே. செட்டர் 5, அதனால நெட்டைக்கு இடது பக்கம்தான் நிக்கணும். நெட்டை இடது பக்கம் எடுக்கறாரே, அப்போ செட்டர் கோட்டோரம்தான்.

ரெண்டாம்விசில் எழுதியது:

இதேதான் எல்லாரும் நினைக்கறாங்க, இதேதான் தப்பு. மேலே என்ன எழுதினேன்? 3-க்கும் 5-க்கும் உறவு இல்லை. செட்டருக்கு இந்த ரொட்டேஷன்ல ரெண்டே கட்டுப்பாடு. ஒண்ணு, 4-ல இருக்கற பிளாக்கரை விட நெட்டுக்குக் கிட்ட போகக் கூடாது. ரெண்டு, 6-ல இருக்கற குட்டைக்கு இடது பக்கம் இருக்கணும். நெட்டை 3-ல இருக்கார். செட்டர் நெட்டைக்கு வலது பக்கம் நின்னா யாருக்கு என்ன?

மைதானத்தை மனசுல போட்டுப் பாருங்க. இடது கோட்டுலேர்ந்து அளக்கறேன். பிளாக்கர் ஒரு மீட்டர்ல, கால் விரல் நெட்டுக்கு அடியில இருக்கற கோட்டை ஒட்டி. நெட்டை ரெண்டு மீட்டர்ல, நெட்டுலேர்ந்து ஆறு மீட்டர் பின்னால. பிளாக்கருக்கு வலது பக்கம் இருக்கார், சரி. குட்டை நாலரை மீட்டர்ல, நெட்டையை விட அரை அடி பின்னால, ஏன்னா 3-ம் 6-ம் ஜோடி. லிபரோ ஏழு மீட்டர்ல. யுனிவர்சல் எட்டு மீட்டர்ல நெட்டோரம்.

இப்போ செட்டரைக் கொண்டு வந்து நாலு மீட்டர்ல, நெட்டுலேர்ந்து ஒன்றரை மீட்டர்ல நிறுத்துங்க. பிளாக்கரை விடப் பின்னால இருக்கார். குட்டைக்கு இடது பக்கம் இருக்கார். முடிஞ்சுது. இலக்கு ஆறு மீட்டர்ல. அஞ்சு மீட்டர் ஓட்டம் ரெண்டு மீட்டர் நடையா ஆயிடுச்சு.

பயப்பட வேண்டியது ரெண்டு விஷயத்துக்கு. குட்டை இடது பக்கம் அரை மீட்டருக்கு மேல வந்தா செட்டரைத் தாண்டிடுவார், ஃபால்ட். அதனால செட்டர் நாலு மீட்டர்னு வச்சா குட்டை நாலரையை விட இடது பக்கம் வரவே கூடாது, சர்வீஸ் போட்ட பிறகு எங்கே வேணும்னாலும் போகட்டும். அடுத்தது, பிளாக்கர் சோம்பேறித்தனமா நெட்டுலேர்ந்து ரெண்டு மீட்டர் பின்னால நின்னா செட்டர் அவருக்கு முன்னால வந்துடுவார். பிளாக்கர் காலை நெட்டோரத்துலேர்ந்து எடுக்கவே கூடாது.

பழையகை எழுதியது:

நடு மைதானத்துல நெட்டுக்கிட்ட நிக்கற செட்டர் மண்டையில சர்வீஸ் படாதா?

ரெண்டாம்விசில் எழுதியது:

நெட் ஆண்களுக்கு 2.43 மீட்டர். அதைத் தாண்டி வர்ற பந்து நெட்டுலேர்ந்து ஒன்றரை மீட்டர்ல நிக்கறவர் தலைக்கு மேலதான் போகும். நெட்டுல உரசி விழற பந்து மட்டும் அவர் மேல விழும், அதை அவரே எடுத்துக்கட்டும். ஆனா எடுக்கறவங்க கண்ணை மறைக்காம முட்டி மடக்கிக் கொஞ்சம் குனிஞ்சு நிக்கச் சொல்லுங்க. டபிள்யூ நடு ஆள் பிரச்சினை இங்கேயும் வந்துடக் கூடாது.

லிபரோநான்தான் எழுதியது:

ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற பந்தைப் பத்தி நான் சொல்லாம இருக்க முடியாது, ஏன்னா மூணு பேர்ல தோத்துப் போறது அங்கேதான். டபிள்யூவுல இடுக்கு நிறைய, ஆனா ஒவ்வொண்ணும் சின்னது. மூணு பேர்ல இடுக்கு ரெண்டே ரெண்டு, ஆனா ரெண்டும் பெரிசு. 'எனக்கு'ன்னு கத்தறதை மட்டும் நம்பி ஆட முடியாது. பந்து நெட்டைத் தாண்டினதுக்கு அப்புறம் கத்தினா அது பேச்சு இல்லை, புலம்பல்.

எங்க ஏற்பாடு இது: இடுக்குல வந்தா ரெண்டு பேரும் நகரணும், நின்னு பார்க்கவே கூடாது. ஓரத்து ஆள் எப்பவும் முன்னால வெட்டி வருவார், நடு ஆள் எப்பவும் அவர் முதுகுக்குப் பின்னால போவார். குட்டையா விழுந்தா ஓரத்து ஆளுக்கு, ஆழமா போனா எனக்கு. ரெண்டு பேர் பாதையும் வெட்டிக்காது, இடிச்சிக்க மாட்டோம்.

மைதானத்தக்கா எழுதியது:

நான் பெரிய பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்தப்போ இதைத் தலைகீழா வச்சிருந்தேன். நடு ஆள் முன்னால, ஓரத்து ஆள் பின்னால. காரணம், ஓரத்து ஆள் அட்டாக்கர். அவர் குட்டைப் பந்துக்கு முன்னால விழுந்து எடுத்தா எழுந்து போய் அடிக்க முடியாது. எதிரணி அதுக்குன்னே குட்டையா போடுவாங்க.

லிபரோநான்தான் எழுதியது:

அக்கா, அது நியாயமான பேச்சுதான். ஆனா ஆழமா போற ஃப்ளோட்டைப் பக்கவாட்டுல பின்னால போய் எடுக்கறதுதான் இருக்கறதுலேயே கஷ்டம். அதை நெட்டை மாதிரி ஆள்கிட்ட விடவா? நான் விட மாட்டேன். அவர் அடிக்க முடியாம போனா யுனிவர்சல் இருக்கார்.

மைதானத்தக்கா எழுதியது:

நெட்டை அடிச்சாதான் ரெண்டு பிளாக் மேலேயும் போகும்னு அவர் எழுதியிருக்காரே. அந்த ஆளை அடிக்க விடாம பண்ணிட்டு நல்ல பாஸ் வந்து என்ன பிரயோஜனம்? என் பேச்சுல நான் மாற மாட்டேன் 😊

ரெண்டாம்விசில் எழுதியது:

ரெண்டு விதமாவும் ஆடற நல்ல அணிகள் உண்டு. நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. இடது இடுக்குக்கு ஒரு விதி, வலது இடுக்குக்கு வேற விதின்னு மட்டும் வச்சுடாதீங்க, அழுத்தத்துல மறந்துடுவாங்க.

பின்கோடு, டபிள்யூவா மூணு பேரான்னு மட்டும் யோசிக்காதீங்க. நடுவுல நாலு பேர் இருக்கு. நெட்டை அன்னிக்கு ரொம்பத் தடுமாறினா யுனிவர்சலையும் சேர்த்து நாலு பேரா வளைவா நிறுத்தலாம், நெட்டைக்கு ஒன்றரை மீட்டர் கூட வராது. எல்லா ரொட்டேஷன்லயும் ஒரே முறையில எடுக்கணும்னு சட்டம் இல்லை. ஆனா எந்த ரொட்டேஷன்ல எத்தனை பேர்னு மேட்ச்சுக்கு முன்னாலேயே முடிவு பண்ணணும். மூணு புள்ளி போன பிறகு மைதானத்துல நின்னு மாத்தினா ஓவர்லாப்புக்கு நீங்களே வெத்தலை பாக்கு வைக்கற மாதிரி.

கார்னர்சர்வ் எழுதியது:

3-க்கும் 5-க்கும் உறவு இல்லைங்கறதை எங்க கோச்கிட்ட சொன்னேன். அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம் விதிப் புத்தகத்தை எடுத்துட்டு வந்தார். இப்போ அவரும் ஒத்துக்கிட்டார். பந்து தூக்கற விஷயத்துல மட்டும் இன்னும் முறைச்சிட்டிருக்கார்.

பின்கோடு எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கேன், நடந்ததை எழுதறேன்.

பயிற்சியில பின்கோட்டுக்குப் பின்னால ஒரு போனை உயரமா கட்டி வச்சுப் படம் எடுத்தோம். சர்வீஸ் கையில பட்ட நொடியில நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். செட்டர் 6-ல இருக்கறதுல ரெண்டாம்விசில் சார் சொன்னது அப்படியே. முதல் பத்து சர்வீஸ்ல நாலு தடவை நெட்டை கால் லிபரோவுக்குப் பின்னால. யாரும் கத்தாமலேயே! தானாவே வழுக்கிப் போறார். லிபரோ அவர் குதிகாலைப் பார்த்து நிக்க ஆரம்பிச்சதும் அடுத்த பத்துல ஒண்ணும் இல்லை. ஆனா இப்போ ரெண்டு பேருமே ஆழமா போயிடறாங்க, ஏழு மீட்டர் தாண்டி. குட்டையா போட்டா முன்னால காலி. அதனால மூணு மீட்டர் கோட்டுலேர்ந்து நெட்டைக்கு மூணு நடை அளந்து கொடுத்திருக்கோம். அதுக்கு மேல பின்னால வேண்டாம்னு.

செட்டர் 5-ல இருக்கறது: நாலு மீட்டர்ல நிறுத்தினோம். முதல் நாள் செட்டருக்கே நம்பிக்கை வரல, ஒவ்வொரு தடவையும் நடுவரைத் திரும்பிப் பார்த்துட்டிருந்தார். ஆனா ஓட்டம் போச்சு. இப்போ பந்து வரும்போது நின்னு, இடது பக்கம் முகம் வச்சு நிக்கிறார். நெட்டைக்கு முன்னால போடறார், நடுவுலயும் போடப் பார்க்கறார்.

நடுவுலதான் புதுசா ஒரு சிக்கல். பிளாக்கர் இடது கோட்டுக்கிட்ட நெட்டோரம் நிக்கிறார். அங்கேயிருந்து பின்னால வந்து, நடுவுக்கு வந்து, அப்புறம் ஓடி வந்து குதிக்கணும். அதுக்குள்ள செட்டர் கையில பந்து வந்துடுது. குயிக் அடிக்கற நேரம் தப்பிடுது. முன்னாடி செட்டர் தாமதமா வந்ததால இது வெளியே தெரியவே இல்லை போல.

ரெண்டாம்விசில் எழுதியது:

ஆமா, அந்த ரொட்டேஷனோட விலை அது. பிளாக்கரை நடுவுக்குக் கொண்டு வந்தா நெட்டை (3) அவருக்கு இன்னும் வலது பக்கம் போகணும், இடது பக்கம் எடுக்க ஆளே இருக்காது. ரெண்டு வழி பார்க்கலாம். பிளாக்கர் நடுவுக்கு வராம, நின்ன இடத்துலேர்ந்து ரெண்டே அடி உள்ளே வந்து, செட்டருக்கு முன்னால கொஞ்சம் தள்ளி வேகமா ஒரு பந்து அடிக்கட்டும்; செட்டர்கிட்டேர்ந்து ரெண்டு, ரெண்டரை மீட்டர் தள்ளித் தட்டையா போடற பந்து. நெட்டை அதுக்கு வெளியே கோட்டோரம் போய்டணும். இல்லைன்னா பாஸை ஒரு அடி உயரமா கொடுக்கச் சொல்லுங்க, பிளாக்கருக்கு நேரம் கிடைக்கும், ஆனா எதிரணி பிளாக்குக்கும் அதே நேரம் கிடைக்கும்.

லிபரோநான்தான் எழுதியது:

உயரமா கொடுங்கன்னு சொல்றது சுலபம். ஃப்ளோட்ல பாஸ் உயரத்தை நான் முடிவு பண்றேன்னு யார் சொன்னது 🙄

பின்கோடு எழுதியது:

தட்டைப் பந்தை அடுத்த பயிற்சியில முயற்சி பண்றோம். எங்க பிளாக்கர் இதுவரைக்கும் செட்டர் பக்கத்துல மட்டும்தான் அடிச்சிருக்கார், தள்ளி அடிச்சதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதே குதிச்சுப் போடுற ஆளோட அணிதான் எதிர்ல. இடுக்குல யார் முன்னால யார் பின்னாலங்கறதுல எங்க ஆளுங்களும் அக்கா கட்சி, லிபரோ கட்சின்னு ரெண்டா பிரிஞ்சிருக்காங்க. இப்போதைக்கு லிபரோ சொன்னபடி வச்சிருக்கோம், ஏன்னா கத்தறது அவர்தான்.

மைதானத்தக்கா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை நெட்டை எத்தனை தடவை கீழே விழுந்து அடிக்க முடியாம போச்சுன்னு எண்ணி வைங்க. எண்ணிட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.